நேர்க்கோடும் அலையும்: பன்னிரண்டு வாரத் திட்டத்தில் எங்கள் வழி

மலர்க் குழுவினர் இந்தத் தலைப்பைக் கொடுத்தபோது மறுக்க மனம் வரவில்லை. நம் சங்கத்தில் இரண்டு வழிகளும் வளர்ந்திருக்கின்றன, இரண்டிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள். சோவியத் ஆசான் மத்வேயெவ், 1981-இல் அமெரிக்காவில் ஸ்டோனும் அவர் தோழர்களும் வகுத்த ஏணி, 1988-இல் பொலிக்வின் எழுதிய அலை வாதம், பில் ஸ்டாரின் கன நாள், இலகு நாள், நடு நாள் என்பதெல்லாம் உறுப்பினர்கள் அறிந்தவை. நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கேள்வி. தொடக்க நிலையைத் தாண்டி, இன்னும் முதுநிலையை எட்டாத ஒரு லிஃப்டருக்குப் போட்டிக்குப் பன்னிரண்டு வாரம் இருக்கிறது. அவருக்கு எதைக் கொடுப்பது?

அலைக் கட்சியினர் எப்போதும் நீட்டிக் காட்டுவது 2002-ஆம் ஆண்டு அரிசோனாவில் ரேயும் குழுவினரும் செய்த ஆய்வு. பன்னிரண்டு வாரம், வாரம் மூன்று நாள். ஒரு குழு நான்கு வாரம் எட்டு ரெப், அடுத்த நான்கு வாரம் ஆறு, கடைசியில் நான்கு என்று ஏணியில் ஏறியது. மற்ற குழு அதே எட்டையும் ஆறையும் நான்கையும் ஒவ்வொரு வாரத்துக்குள்ளேயே நாள் மாற்றிச் செய்தது. பெஞ்ச் பிரஸில் முதல் குழுவுக்குச் சுமார் 14 சதவீத ஏற்றம், அலைக் குழுவுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் 1994-இல் ஆஸ்திரேலியாவில் பேக்கரும் துணைவர்களும் அதே பன்னிரண்டு வாரத்தில், அளவையும் கனத்தையும் சமமாக்கிப் பார்த்தபோது வேறுபாடு தென்படவில்லை. பின்னாளில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களிலும் எல்லாரும் ஒரு கட்சியை வென்றதாக அறிவிக்கவில்லை. எங்கள் மாஸ்டர் இந்தத் தாள்களைப் படித்தவர் அல்லர். ஆனாலும் அவர் நோட்டுகளில் இருந்த திட்டம் இரண்டுக்கும் நடுவில்தான் நின்றது.

காரணத்தை அவர் இப்படிப் பார்த்தார். தொடக்கக்காரனுக்கு ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ ஏறும், அவனுக்கு எந்தத் திட்டமும் திட்டம்தான். நடுநிலைக்காரனுக்கு வாரா வாரம் ஏறாது, மாதத்துக்கு ஒருமுறை ஏறும். அவனை நேர்க்கோட்டில் விட்டால் இரண்டு இடத்தில் இழப்பு. முதல் இரண்டு மாதம் கனமான பாரைத் தோளில் வாங்கும் பழக்கமே விட்டுப்போகிறது. ரேக்கிலிருந்து எடுத்துப் பின்னால் வைக்கும் இரண்டு அடியிலேயே மூச்சு தளர்கிறது. கடைசி மாதத்திலோ எட்டு ரெப் செய்து வெகுநாள் ஆகிவிடுவதால், சேர்த்த உழைப்புத் திறன் கரைகிறது. அலையில் இரண்டும் விடுபடாது. ஆனால் களைப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினம்.

140 கிலோ ஸ்குவாட் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாஸ்டர் முதலில் 140-ஐ 135 ஆக்கிவிடுவார், கணக்கெல்லாம் அதிலிருந்துதான். திங்கள் நான்கு செட் எட்டு ரெப், 90-இல் தொடக்கம். புதன் 100 கிலோவில் ஐந்து செட் மூன்று ரெப். அது உழைக்கும் நாள் அல்ல, பார் வேகமாக எழும்ப வேண்டிய நாள். வெள்ளி 112.5-இல் நான்கு செட் நான்கு ரெப். திங்கள் களைப்புக்கும் வெள்ளிக் கனத்துக்கும் நடுவே அந்த இலகு புதனை வைத்ததுதான் அவர் கைவண்ணம். பின்னாளில் வந்த ஓர் ஆய்வும் அந்த வரிசையை ஆதரிப்பதைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

இனி இதற்குள் நேர்க்கோடு வரும். மூன்று வாரம் 2.5 கிலோவாக ஏற்றம், நான்காம் வாரம் செட் பாதியாகும். ஐந்தாம் வாரம் திங்களின் எட்டு 92.5-க்குத் திரும்பி மறுபடி ஏறும். வெள்ளியின் நான்கு ரெப் மூன்றாகி 117.5, 120, 122.5 என்று போகும். எட்டாம் வாரம் மீண்டும் பாதி. ஒன்பதில் திங்கள் ஆறு ரெப்பாகிறது, வெள்ளி 125-லும் பத்தாம் வாரம் 127.5-லும் இரண்டு ரெப். பதினொன்றாம் வார வெள்ளி 132.5-இல் ஒரே ஒரு ரெப், அதுவே போட்டியின் முதல் தூக்கு. பன்னிரண்டாம் வாரத் திங்கள் 110-இல் இரண்டு செட் இரண்டு ரெப், அதோடு சரி. சனிக்கிழமை போட்டிக்கு உடம்பு தயாராக இருக்கும்.

சறுக்குவது எங்கே என்பதும் தெரிய வேண்டும். ஒரு வெள்ளி மோசமாகப் போவது சாதாரணம், தூக்கமோ சாப்பாடோ காரணமாயிருக்கும். அடுத்தடுத்த இரண்டு வெள்ளியில் முதல் செட்டிலேயே பார் பாதி வழியில் தேங்கினால், மாஸ்டர் எல்லா நாளின் எடையையும் 5 சதவீதம் குறைப்பார், திட்டத்தை மாற்ற மாட்டார். நேர்க்கோட்டை அவர் ஒதுக்கியதும் இல்லை. ஷிஃப்ட் வேலையால் வாரத்தில் ஒரு நாள் தவறவிடுபவருக்கு நேர்க்கோட்டையே கொடுத்தார். அலையில் இரண்டு வெள்ளி தவறினால் அரை மாதம் கனம் தொடாமல் போகும். நேர்க்கோட்டில் எந்த நாள் தவறினாலும் மிச்ச நாள்கள் அதே வேலையைத்தான் செய்கின்றன.

இந்த எண்கள் எல்லாம் ஒரே ஒரு எண்ணின் மேல் நிற்கின்றன, முதலில் சொன்ன 140. அது உண்மையாக இருக்க வேண்டும். மாஸ்டர் பக்கவாட்டில் குந்தி, தன் கண் பையனின் தொடை மட்டத்துக்கு வரும்படி உட்கார்ந்து பார்ப்பார். இடுப்பு மடிப்பு முழங்கால் உச்சிக்குக் கீழே இறங்காவிட்டால் நோட்டில் அந்த எடைக்குக் கீழே கோடு போடுவார். கோடு போட்ட எடை எங்கள் பள்ளியில் தூக்காத எடை.

இன்று எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்ல முடியவில்லை. நான் யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை, உழைப்பாளிகளான இளம் பயிற்சியாளர்கள் பலரை அறிவேன். ஆனால் கால் ஜாண் உயரத்திலேயே நின்றுவிட்ட ஸ்குவாட்டை 150 என்று எழுதிக்கொண்டு, அதன் சதவீதத்தில் அலைத் திட்டம் போடுகிறார்கள். மூன்றாம் வாரமே வெள்ளி நாள் நகர மறுக்கிறது. உடனே அலை சரியில்லை என்று நேர்க்கோட்டுக்குத் தாவுகிறார்கள், அடுத்த மாதம் அதையும் விட்டு வேறொன்று. பன்னிரண்டு வாரத்தை முழுதாக முடித்த நோட்டு ஒன்றையாவது காட்டும் பிள்ளை இப்போது அபூர்வம். மேடையிலும் ஆழம் குறைந்த தூக்குக்கு வெள்ளை விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. பையன் மனம் ஒடிந்துவிடுவான் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. அதே பையன் மாநிலப் போட்டிக்குப் போய் மூன்று தூக்கும் சிவப்பு வாங்கி, அட்டவணையில் பெயரில்லாமல் திரும்பும்போது ஒடியும் மனத்துக்கு யார் பொறுப்பு? இரண்டு பள்ளிகளின் சிறப்பை எழுத உட்கார்ந்த எனக்கு, இரண்டுமே இந்த ஒரு பொய்யான எண்ணின் மேல் நடத்தப்படுவதுதான் பெரிய வருத்தம்.

செயற்குழுவுக்கு என் விண்ணப்பம் இது. எந்தப் பள்ளித் திட்டமானாலும் தொடங்கும் வாரத்தில் நம் அரங்கில் மூன்று நடுவர்களை உட்காரவைத்து, ஜூனியர்கள் எல்லாருடைய ஸ்குவாட்டையும் போட்டி விதிப்படியே சோதித்துப் பதிய வேண்டும். பன்னிரண்டாம் வாரம் அதே மூவரே மறுபடி உட்கார வேண்டும். பக்கவாட்டு நாற்காலிகளில் ஒன்றை எனக்கு ஒதுக்கினால் மகிழ்ச்சியோடு வருவேன்.