சோனகர் யார்? இரு வாதங்களும் ஓர் ஆசனமும்

1888இல் றோயல் ஆசியக் கழக இலங்கைக் கிளையில் பொன். இராமநாதன் வாசித்த கட்டுரை, மொழி, வழக்காறு, உடற்கூறு என்பவற்றைச் சான்றாக்கிச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டது. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்தார். சோனகர் அராபிய வழியினர். பேசும் மொழி இனத்தை நிர்ணயிக்காது என்பது அவர் நிலைப்பாடு.

எவர் கூற்றுச் சரியென்பது எமது வினாவன்று. இனம் குருதியில் முன்னரே உள்ளதென்றே இருவரும் கொண்டனர். கட்டுரை எழுந்த சூழலோ வேறொன்றைக் காட்டுகின்றது. சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற ஆசனங்கள் அக்காலத்தில் இனவாரியாக நியமனத்தால் நிரப்பப்பட்டன. தமிழருக்குரிய ஆசனத்தில் அப்போது அமர்ந்திருந்தவர் இராமநாதனே. சோனகர் தமிழராயின் அவ்வோர் ஆசனமே அவர்களுக்கும் போதும். அல்லராயின் தனியாசனம் வேண்டும். 1889இல் அது வழங்கப்பட்டது. ஆகவே ஆட்சியின் பங்கீட்டு முறையே இனத்தின் எல்லையை வரையும் தேவையைத் தோற்றுவித்தது எனலாம்.

அஸீஸின் மறுப்பை வெறும் வர்க்க நலனாகச் சுருக்குதல் (எம்மவரிற் சிலர் அவ்வாறு செய்வதுண்டு) தவறாகும். தம்மைப் பிறர் வரையறுப்பதை எதிர்க்கும் நியாயம் அதில் உண்டு. ஆயினும் கொழும்பு வணிகருக்கு உகந்த அந்த அராபிய மூதாதையர், கிழக்கிலே தாய்வழிக் குடிமுறையில் வாழ்ந்த சோனக விவசாயியை விளக்கப் போதுமானவரல்லர்.