வினைமுற்றுக்கு முன் உடையும் குரல்

பாட்டியின் இறுதிச் சடங்கில் பேரப்பிள்ளைக்குத் தமிழர் வழக்கம் தந்திருக்கும் வேலை நெய்ப்பந்தம் பிடிப்பது. அங்கே பேச்சுக்கு இடமில்லை. புலம்பும் பொறுப்பு ஒப்பாரி பாடும் பெண்களுடையது. யாழ்ப்பாணத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் வழங்கும் கல்வெட்டு என்னும் நினைவு நூலில் பேரப்பிள்ளைகள் புலம்பலுக்குத் தனிப் பகுதி வைப்பதுண்டு. ஆனால் அந்தச் செய்யுளைப் பெரும்பாலும் ஒரு புலவரே எழுதித் தருவார். இன்று படத்திறப்பிலும் பதினாறாம் நாள் கூட்டத்திலும் பேரன் பேத்தியின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்து “ரெண்டு வார்த்தை பேசு” என்கிறார்கள். அவர்கள் தயாரித்து வரும் தாளில் பாசத்துக்குக் குறைவிருக்காது. வாசிப்பு பாதியில் நின்றுபோவதற்கு அழுகையைவிட வாக்கிய அமைப்பே பெரிய காரணம் என்பது என் வாதம்.

வழக்கமான இரங்கலுரை இப்படித்தான் தொடங்கும்: “இளம் வயதிலேயே கணவரை இழந்து, நான்கு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்து ஆளாக்கி, பேரப்பிள்ளைகள் அனைவரையும் மடியில் தாலாட்டிய எங்கள் பாட்டி இன்று நம்மிடையே இல்லை.” தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். ‘இழந்து’, ‘வளர்த்து’, ‘ஆளாக்கி’ என்று எச்சங்கள் அடுக்கிக்கொண்டே போக, யாரைப் பற்றிய பேச்சு என்பதே இறுதியில்தான் தெரிகிறது. அழுகை வரும்போது முதலில் கெடுவது மூச்சு, தொண்டையும் அடைத்துக்கொள்ளும். ‘ஆளாக்கி’யில் குரல் உடைந்தால் கேட்பவர் கையில் எதுவும் மிஞ்சாது. வாசிப்பவரும் விட்ட இடத்தில் தொடர முடியாது. மறுபடி தலையிலிருந்து வர வேண்டும், அதே இடத்தில் மறுபடி உடைய வேண்டும்.

இதற்கான தீர்வு நம் மரபிலேயே இருக்கிறது. ஒப்பாரியின் அடிகள் ஒரு மூச்சுக்குள் அடங்குபவை. அடியின் ஓரத்தில் ‘என்னப் பெத்த அம்மா’ போன்ற ஒரு விளி நீளும். விம்மல் அந்த நீட்டலில் கரைந்துவிடுவதால் பாட்டு அறுவதில்லை. அழுகைக்கு இடம் விட்டே கட்டப்பட்ட வடிவம் அது. புறநானூற்றில் பாரி மகளிர் பாடியதாக உள்ள கையறுநிலைப் பாட்டுக்கு ஐந்தே அடி. அன்றைய நிலவில் தந்தை இருந்தார், குன்றும் இருந்தது. இன்றைய நிலவில் இரண்டும் இல்லை. தந்தையின் புகழ்ப் பட்டியல் எதுவும் அதில் கிடையாது. ஒப்பாரியையும் இந்தப் பாட்டையும் மனத்தில் வைத்து மேலே உள்ள வாக்கியத்தைப் பிரித்தால் இப்படி வரும்: “அப்பத்தாவுக்கு நாலு பிள்ளைங்க. தனியாத்தான் வளர்த்தாங்க. ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் உக்காருவாங்க. சட்டியில எவ்வளவு மிச்சம்னு யாரும் கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல.” எந்த முற்றுப்புள்ளியில் நின்றாலும் அதுவரை சொன்னது முழுமையாக நிற்கிறது. தாங்க முடியாத வரி கடைசியில் இருக்கிறது. அங்கே குரல் போனாலும் நஷ்டமில்லை. கேட்பவர்கள் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருப்பார்கள்.

பேச்சுத் தமிழ் சபைக்கு மரியாதையாகுமா என்று பெரியவர்கள் கேட்கலாம். மரியாதை ‘வளர்த்தாங்க’ என்பதன் விகுதியிலேயே இருக்கிறது. ‘அன்னார்’ என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். ‘அப்பத்தா’, ‘அம்மாச்சி’, ‘அம்மம்மா’ என்னும் சொல்லோ ஊரையும் உறவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. இப்படிச் சுருக்கினால் எண்பது வருட வாழ்க்கை விடுபடுமே என்பது அதைவிடக் கனமான கேள்வி. விடுபடத்தான் செய்யும். ஆனால் பிறந்த ஊர், பிள்ளைகளின் பெயர், பட்ட பாடு ஆகியவற்றைச் சொல்ல மகனும் மகளும் இருக்கிறார்கள்; கல்வெட்டும் நினைவு மலரும் இருக்கின்றன. பேரப்பிள்ளை பார்த்தது பாட்டியின் கடைசி இருபது முப்பது வருடத்தை மட்டும்தான், அதுவும் தரையிலிருந்து, மடியிலிருந்து. அந்த உயரத்திலிருந்து தெரிந்ததை வேறு யாரும் சொல்ல முடியாது.

எழுதி வாசித்தால் செயற்கையாகிவிடும் என்பாரும் உண்டு. மனப்பாடம் கண்ணீரில் முதலில் கலைந்துபோகும், தாள் காத்திருக்கும். ஆனால் கலங்கிய கண்ணுக்கு ஏற்ற தாளாக அது இருக்க வேண்டும்: பெரிய எழுத்து, ஒரு வரிக்கு ஒரு வாக்கியம், நடுவில் தாராளமான இடைவெளி. பாட்டியைக் கூப்பிடும் சொல்லில்தான் குரல் முதலில் இடறும் என்பதால், அதற்கு முன்பாக, வந்திருப்பவர்களுக்கு நன்றி சொல்லும் சாதாரண வரி ஒன்று இருந்தால் குரல் நிலைப்படும். இன்னொரு பிரதி அத்தை மகள் கையில் இருக்கட்டும். பேத்தி நிறுத்திய வரிக்கு அடுத்த வரியிலிருந்து அவள் வாசிக்கலாம். ஒப்பாரியிலும் ஒருத்தி ஓய்ந்த இடத்தில் இன்னொருத்தி எடுப்பதுதானே வழக்கம்.