மாலை போட்டவரைக் கேலி செய்வது

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் பெரும்பாலோர் ஓய்வு பெறுவது மாதக் கடைசி நாளில். அன்று மாலை நடக்கும் பணி நிறைவு விழாவில் பேசுகிறவர்கள் எல்லோரும் நேர்மை, கடமை என்று ஒரே உரையையே படிக்கிறார்கள். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். சினிமா மெட்டில் கட்டிய கேலிப்பாட்டு வரும்போதுதான் சபை நிமிர்ந்து உட்காருகிறது. அதில்தான் அந்த ஆள் இருக்கிறார்.

வரைவைத் திருத்தித் திருத்தியே பெயர் வாங்கிய ஒரு கண்காணிப்பாளரை எடுத்துக்கொள்வோம்:

நாலு வரி வரைவு வெச்சா நாற்பது திருத்தம்
நல்லபடி எழுதி வெச்சா ‘பேசுக’ன்னு நிறுத்தம்

இது பழிப்பது போலப் புகழ்வது. அவர் பிரிவிலிருந்து போன கடிதம் பிழையென்று திரும்பி வந்ததில்லை என்பது சிரிக்கிறவர்களுக்குத் தெரியும். அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் குணமும் அதுதான். ‘பத்து மணி ஆபீசுக்குப் பதினொண்ணுக்கு வரவு’ என்று அடுத்த அடி போனால் சிரிப்பு இன்னும் பலமாக வரலாம். ஆனால் பாட்டு கெட்டுவிட்டது. தாமதத்துக்குக் காரணம் வீட்டிலிருக்கும் நோயாளியாக இருக்கலாம். குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. மாலையும் கழுத்துமாக இருப்பவர் எழுந்து பதில் சொல்லவும் முடியாது. தணிக்கைத் தடை, நிலுவை விசாரணை பற்றிய அடிகள் இன்னும் மோசம். ஓய்வூதியப் பலன்கள் கைக்கு வராத நாளில் அது கேலியே இல்லை.

வார்த்தையில் காட்டும் கவனத்தை மெட்டில் பலர் காட்டுவதில்லை. கேட்பவர் காதில் புது வரிக்கு அடியில் பழைய வரியும் ஓடிக்கொண்டிருக்கும். ‘பாத காணிக்கை’ (1962) படத்தில் கண்ணதாசன் எழுதிய நிலையாமைப் பாட்டின் மெட்டு எல்லோருக்கும் தெரியும், பாடவும் எளிது. ஆனால் அதில் எவ்வளவு இனிப்பான கேலியைப் போட்டாலும் ஓய்வு பெறுகிறவர் காதில் சுடுகாடுதான் கேட்கும். சோகமில்லாத, நடுத்தர வேகமுள்ள மெட்டே நல்லது. வேகம் கூடினால் கோரஸாகப் பாடும்போது வார்த்தை விழுங்கப்படும். கேலி புரியாமல் பெயர் மட்டும் காதில் விழும், அது வசவைவிடச் சங்கடம்.

இந்த வழக்கத்தின் பெரிய குறை வேறு. மேலதிகாரியை ஊழியர்கள் கேலி செய்வது ஒரு நாள் சலுகை. பதிவறை எழுத்தரை அதிகாரிகள் சேர்ந்து கேலி செய்தால், வரி எவ்வளவு மென்மையானாலும் கனக்கும். அதற்குப் பயந்தோ என்னவோ, கீழ்நிலை ஊழியர்களின் விழாவில் பெரும்பாலும் பாட்டே இருப்பதில்லை, பொன்னாடையோடு முடிந்துவிடுகிறது. கேலியைப் பாடுகிறவர்கள் பக்கம் திருப்பினால் அந்த எழுத்தருக்கும் பாட்டு கிடைக்கும்:

எந்தக் கட்டில் எந்தக் கோப்பு, எங்களுக்குத் தெரியாது
இவரு போன மறுநாளே எங்க பொழப்பு ஓடாது

இங்கே அசடு வழிவது பாடுகிற அதிகாரிகள். முப்பது வருடமாக அந்த அறையை யார் நடத்தினார் என்பதும் அந்தச் சிரிப்போடு சபைக்குத் தெரிந்துவிடுகிறது.