பூன் லேயில் கிளம்பிய பொறி தேக்காவில் விளக்கானது!

கண்ணை மூடிக் கற்பனை பண்ணிப் பாருங்கள். பூன் லேயில் ஒரு பழைய அடுக்குமாடி புளோக். தரைத்தளத் தாழ்வாரத்தின் குட்டைச் சுவரில் ஓர் அகல் விளக்கு எரிகிறது. அந்தச் சுடரிலிருந்து பொன் நிறத்தில் ஒரே ஒரு பொறி பிரிந்து மேலே போகிறது. கேமராவும் கூடவே போகிறது. ஜன்னல் ஜன்னலாக, மாடி மாடியாக, காய்கிற துணிகளையெல்லாம் தாண்டி, மொட்டை மாடியையும் தாண்டிக் கருநீல வானத்துக்குள் நுழைகிறது. அங்கே அந்தப் பொறி பெரிதாகிப் பெரிதாகி, அட, அது சிராங்கூன் சாலையின் தீபாவளி அலங்கார வளைவில் ஒரு விளக்கு! எங்கேயும் வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. ரயிலில் போனால் ஊட்ரம் பார்க்கில் மாறி முக்கால் மணி நேரம் ஆகிற தூரத்தை ஒரு பொறி சில நொடியில் கடந்துவிட்டது!

இதை நான்தான் செய்தேன் என்று சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. எனக்குக் கேமராவும் கிடையாது, ட்ரோனும் கிடையாது. எல்லாம் செயற்கை நுண்ணறிவு வரைந்த காட்சிகள். முதல் தடவை அது சரியாக வந்தபோது ராத்திரி ஒரு மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டிவிட்டேன். மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினால், அவர் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, இத எந்த லிஃப்ட்ல நின்னு எடுத்தீங்க?” என்றார். அந்த ஒரு கேள்விக்கே நான் ஒரு வாரம் மிதந்தேன்!

இதன் சூட்சுமம் இரண்டே விஷயம். முதலாவது சட்டகம், அதாவது நெட்டையா அகலமா என்பது. பலர் வழக்கமான அகலப் படமாக உருவாக்கிவிட்டு, கைப்பேசிக்காகப் பிறகு இரண்டு பக்கமும் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்ட ஒரு படத்தை 9:16 அளவுக்கு வெட்டினால் மிஞ்சுகிற அகலம் ஏறக்குறைய 607 புள்ளிதான். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது! மிஞ்சியதைத் திரை நிறைய இழுத்தால் மங்கல் வேறு. இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. அகலப் படத்தை வரைகிறபோது கருவி எல்லாவற்றையும் அகலத்துக்குத்தான் அடுக்கும். சாலையின் குறுக்கே இந்த நடைபாதையிலிருந்து அந்த நடைபாதை வரை வளைவு பரந்து நிற்கும். நடுவை மட்டும் வெட்டி எடுத்தால் வளைவின் இரண்டு காலும் காணாமல் போய், அந்தரத்தில் ஏதோ மின்னும்.

ஆனால் படம் பிறக்கும்போதே 9:16 என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள், அதன் புத்தியே மாறிவிடுகிறது! அகலத்தில் இடமில்லை என்றதும் உயரத்தையும் ஆழத்தையும் தேடுகிறது. சாலை நடுவில் நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரி, ஒரு வளைவுக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று தூரத்துக்கு அடுக்கிவிடுகிறது. பூன் லே புளோக்குக்கோ கேட்கவே வேண்டாம், அது கட்டப்பட்டதே நெட்டைப் படத்துக்காகத்தான் என்று தோன்றும். இங்கே ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ‘நெட்டைப் படம் வேண்டும்’ என்று விவரிப்பில் எழுதினால் போதாது, அமைப்பில் 9:16 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விவரிப்பில் மட்டும் எழுதினால் சில சமயம் அகலப் படத்துக்கு நடுவே நெட்டையாக ஒரு பட்டையும் இருபுறமும் கறுப்புமாக வந்து நிற்கும். நீங்கள் கொடுக்கிற படங்களும் நெட்டையாகவே இருக்கட்டும். அப்புறம், கைப்பேசிச் செயலிகள் தங்கள் எழுத்தையும் பொத்தான்களையும் கீழேயும் வலது ஓரத்திலும் வைத்துக்கொள்கின்றன. அதனால் முக்கியமானது எதுவோ அதை நட்ட நடுவிலோ சற்று மேலேயோ வைத்துவிடுங்கள்.

இப்போது இரண்டாவது விஷயம், என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம்: இணைப்பு! முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் நாம் கொடுக்க, நடுவில் நடப்பதைக் கருவியே வரைவது. லூமாவின் ட்ரீம் மெஷினில் 2024இலேயே இது வந்துவிட்டது. கூகுளின் வியோ 3.1 2025 அக்டோபரில் வந்தபோது அதிலும் இந்த வசதி இருந்தது. நெட்டைப் படமும் அதில் உண்டு, ஒரு துண்டு அதிகபட்சம் 8 நொடி. தொடக்கமும் முடிவும் கருவியின் கண் முன்னாலேயே இருப்பதால் அவற்றை மறுபடி வருணிப்பது வீண். எழுத வேண்டியது நடுவில் நடக்கிற பயணம் மட்டும்தான். நான் எழுதியது இதுதான்:

```
One continuous shot. A tiny golden ember
lifts off the lamp flame. The camera rises
straight up with it, keeping it at frame
center, past lit windows, floor after floor,
into the dark blue sky. The ember grows into
a bulb on a festive street arch. The camera
keeps drifting forward, never stopping.
```

கவனித்தீர்களா, கேமரா பக்கவாட்டில் நகரவே இல்லை. நெட்டைச் சட்டகத்தில் அகலம் குறைவு. கேமராவைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் பொருள்கள் கண்ணுக்குப் பிடிபடுவதற்குள் ஓடிவிடும். மேலே போனால் ஒவ்வொரு மாடியும் உள்ளே வந்து, தங்கி, வெளியேற இடம் இருக்கிறது. ‘வெட்டு வேண்டாம், மங்கல் வேண்டாம்’ என்றும் நான் எழுதவில்லை. வேண்டாததன் பெயரைச் சொன்னால் பல நேரம் அதுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘ஒரே தொடர்ச்சியான காட்சி’ என்று வேண்டியதைச் சொல்வதே நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பொறி! இரண்டு காட்சியிலும் மாறாமல் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். கண் அதைப் பிடித்துக்கொண்டால் சுற்றி உலகமே மாறினாலும் கவலைப்படாது. 1962இல் வந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படத்தில் லாரன்ஸ் தீக்குச்சியை ஊதுவார், அடுத்த கணம் பாலைவனத்தில் சூரியன் உதிக்கும். படத்தொகுப்பாளர் ஆன் கோட்ஸ் நெருப்பிலிருந்து நெருப்புக்குத் தாவியதால் அந்த வெட்டு உறுத்தவே உறுத்தாது. நம்முடையதும் அதே வித்தைதான். அதனால் முதல் படத்தில் சுடர் சட்டகத்தின் எந்தப் புள்ளியில், எந்த அளவில் இருந்ததோ, கடைசிப் படத்தில் விளக்கையும் அதே புள்ளியில் அதே அளவில் வைத்தேன். வானத்தை இரண்டிலும் ஒரே கருநீலமாக்கினேன். வளைவில் பச்சையும் ஊதாவும் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், நடுவில் இருக்கிற அந்த ஒரு விளக்கு மட்டும் அகலின் மஞ்சள் நிறத்தில். இப்படிப் பொதுவாக எதுவும் கொடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் தெரியுமா? புளோக்கின் தூண்கள் வெயிலில் வைத்த வெண்ணெயாக உருகி வளைவாக மாறும். இல்லையென்றால் கேமரா நின்ற இடத்திலேயே நிற்க, ஒரு படம் மங்கி மற்றது தெளியும். நடுப்பகுதியை நிறுத்திப் பாருங்கள். நேர்க்கோடுகள் வளைந்திருந்தாலோ இரண்டு காட்சியும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தாலோ, குறை விவரிப்பில் இல்லை, பெரும்பாலும் அந்த இரண்டு படங்களில்தான் இருக்கிறது.

இனிமேல்தான் உச்சம், கேளுங்கள்! முன்னால் அகல் விளக்குக் காட்சி ஒரு துண்டு, நடுவில் இணைப்பு, பின்னால் சிராங்கூன் சாலைக் காட்சி ஒரு துண்டு, ஆக மூன்று. முதல் துண்டின் கடைசிப் படத்தை எடுத்து இணைப்பின் தொடக்கமாகவும், இணைப்பின் கடைசிப் படத்தை எடுத்து மூன்றாம் துண்டின் தொடக்கமாகவும் கொடுத்தால் எல்லாம் பொருந்தத்தானே வேண்டும்? பொருந்தும், ஆனாலும் மூட்டில் ஒரு சின்ன விக்கல் இருக்கும். ஏன் தெரியுமா? ஒரு படம் கேமரா எங்கே இருக்கிறது என்று சொல்லும், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று சொல்லாது! அதனால் ஒவ்வொரு துண்டும் நின்ற நிலையிலிருந்து மெல்லக் கிளம்பி, முடிவில் மெல்ல நிற்கப் பார்க்கிறது. இது புரிந்த அன்று நான் அடைந்த சந்தோஷத்தை எழுதினால் வெட்கக்கேடு. இதற்காகத்தான் விவரிப்பின் கடைசியில் கேமரா நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கட்டும் என்ற வரி, முதல் துண்டின் முடிவிலும் மூன்றாம் துண்டின் தொடக்கத்திலும் இதே மாதிரி வரிகள், இதே மெதுவான வேகம். பிறகு தொகுக்கும்போது மூட்டில் ஒரே படம் இரண்டு தடவை வருகிறதே, அதில் ஒன்றை எடுத்துவிட வேண்டும், நொடிக்கு 24 படம் ஓடும்போது அந்த ஒரே ஒரு உபரிப் படம்கூடத் தடுக்கலாகத் தெரியும். கூடவே மெதுவாகக் கிளம்புகிற அந்த முதல் கால் நொடியை, அதாவது ஆறு படங்களை, நறுக்கிவிட்டால் கேமரா போகிற திசையிலேயே லேசாகத் தாவும், அந்தத் தாவலைக் கண் கண்டுகொள்வதே இல்லை. கடைசியாக, 8 நொடி இணைப்பை இரண்டு மடங்கு வேகமாக்கி 4 நொடியாகச் சுருக்கினேன் பாருங்கள், மாடிகள் சர்ரென்று கீழே இறங்க, பொறி மட்டும் நடுவில் அசையாமல் நிற்க, வளைவு முழுசாக விரிந்து முகத்தில் வெளிச்சம் அடித்தபோது, ஐயோ, ரோமம் சிலிர்த்துவிட்டது!

குறை என்று ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால், கடைப் பலகைகளில் வருகிற தமிழ் எழுத்தைச் சொல்லலாம், அது எந்த மொழி என்று கருவிக்கே தெரியாது. விவரிப்பில் பலகை என்ற பேச்சையே எடுக்காமல் விட்டுவிட்டு, வாழ்த்தைத் தொகுப்பின்போது நாமே எழுதிக்கொண்டால் தீர்ந்தது. இதெல்லாம் ஒரு குறையா!

எனக்கு இப்போது கை துறுதுறுக்கிறது. அடுத்தது பொங்கல். பூன் லேயில் பானை பொங்கி வழிகிறபோது ஒரு வெள்ளை நுரைக் குமிழியைப் பிடித்துக்கொண்டு கேமரா ஆவியோடு மேலே ஏற வேண்டும், அந்தக் குமிழி கேம்பல் லேனில் தொங்குகிற மல்லிகைச் சரத்தில் ஒரு மொட்டாக வேண்டும். வெள்ளைக்கு வெள்ளை, உருண்டைக்கு உருண்டை, திசையோ மேலே. எல்லாம் பொருந்துகிறது! உங்கள் வீட்டிலும் இப்படி இரண்டு இடத்துக்குப் பொதுவாக ஏதோ ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடியுங்கள், 9:16ஐத் தட்டுங்கள், கேமராவை மேலே அனுப்புங்கள். செய்துவிட்டு எனக்கு ஒரு தடவை காட்டுங்கள், நான் பத்துத் தடவை பார்ப்பேன்!