ஓர் ஆர்டரின் விலை ஏன் இரட்டிப்பானது?

2023இல் தீபாவளி நவம்பர் 12ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முந்தைய நாள் 11.11. ஷாப்பியும் லசாடாவும் மலேசியா முழுவதும் தள்ளுபடி விளம்பரங்களைக் கொட்டுகிற நாள் அது. புக்கிட் தெங்காவில் வீட்டிலேயே முறுக்கும் ஓமப்பொடியும் சுட்டு, ஃபேஸ்புக் விளம்பரத்தின் வழியாக வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். அந்த வாரம் அவர் செலவிட்ட ஒவ்வொரு ரிங்கிட்டும் பெரிய கடைகளின் பணத்தோடு ஒரே ஏலத்தில் நின்றது.

கணக்கு விளங்குவதற்காக எண்களையும் நாமே வைத்துக்கொள்வோம். அக்டோபர் முதல் வாரத்தில் 1,000 ரிங்கிட் செலவில் 60 ஆர்டர், அதாவது ஓர் ஆர்டருக்கு 16.67 ரிங்கிட். நவம்பர் 5 முதல் 11 வரை அதே 1,000 ரிங்கிட்டுக்கு 30 ஆர்டர்தான். ஆர்டருக்கு 33.33 ரிங்கிட், சரியாக இரட்டிப்பு. விளம்பரத் தொழிலில் இருப்பவர்கள் இந்த இடத்தில் உடனே கையில் எடுப்பது மூன்றாகப் பிரிக்கும் முறையைத்தான்.

```
CPA = CPM / (1000 × CTR × CVR)
```

ஓர் ஆர்டருக்கான செலவு என்பது, விளம்பரத்தை ஆயிரம் முறை காட்ட ஆகும் விலையை, அந்த ஆயிரத்தில் கிடைக்கும் ஆர்டர்களால் வகுத்தால் வருவது. பார்த்தவர்களில் எத்தனை பேர் தட்டினார்கள், தட்டியவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற இரண்டு விகிதங்களும் சேர்ந்துதான் அந்த ஆர்டர்களைத் தருகின்றன.

அக்டோபரில் ஆயிரம் காட்சிக்கு 10 ரிங்கிட், கிளிக் விகிதம் 1.5%, வாங்கும் விகிதம் 4%. நவம்பரில் 16 ரிங்கிட், 1.6%, 3%. காட்சி விலை 1.6 மடங்கானது. கிளிக் விகிதம் சற்றுக் கூடியதால் செலவு 0.94 மடங்காகக் குறைந்தது. வாங்கும் விகிதம் சரிந்ததால் 1.33 மடங்காக ஏறியது. மூன்றையும் பெருக்கினால் 2 வருகிறது.

இந்த முறையின் பலம் இங்கே கண்ணெதிரே தெரிகிறது. விற்பனை படுத்தால் முதலில் பழி விழுவது விளம்பரப் படத்தின் மேல்தான். படத்தை மாற்று, வசனத்தை மாற்று என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கணக்கோ படம் தன் வேலையை முன்பைவிட நன்றாகவே செய்திருக்கிறது என்று காட்டிவிடுகிறது. ஒரு வார உழைப்பு வீணாகாமல் தப்புகிறது.

ஆனால் 16.67 ரிங்கிட் உயர்வில் எந்தக் காரணிக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால் முதல் சிக்கல் எழுகிறது. காட்சி விலையை முதலில் மாற்றிக் கணக்கிட்டால் அதன் பங்கு 10 ரிங்கிட். வாங்கும் விகிதம், கிளிக் விகிதம் இரண்டையும் மாற்றிவிட்டு அதைக் கடைசியில் வைத்தால் 12.50. பெருக்கலில் ஒன்றின் விளைவு மற்றொன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வதே இதற்குக் காரணம். மடக்கை எடுத்துப் பிரித்தால் வரிசைத் தகராறு தீர்ந்துவிடும்: காட்சி விலைக்கு 11.30, வாங்கும் விகிதத்துக்கு 6.92, கிளிக் விகிதத்துக்குக் கழித்தல் 1.55. பல அறிக்கைகள் எந்த வழியில் பிரித்தோம் என்று சொல்லாமலேயே பங்குகளை அச்சிடுகின்றன. அது சரியான பழக்கம் அல்ல.

அடுத்தது, மூன்று எண்களும் ஒரே அளவு நம்பத்தக்கவை அல்ல. காட்சி விலை, கட்டிய பணத்திலிருந்து நேரடியாக வருவது. வாங்கும் விகிதம் வெறும் 30 ஆர்டர்களின் மேல் நிற்கிறது. எதுவுமே மாறாவிட்டாலும், 30 ஆர்டர் வரக்கூடிய வாரத்தில் 20ம் வரலாம், 40ம் வரலாம். ஆகவே 4% என்பது 3% ஆனது தற்செயலாகவும் இருக்கலாம். அட்டவணையில் 11.30ம் 6.92ம் பக்கத்துப் பக்கத்தில், இரண்டு தசமத்தோடு நிற்கும்போது இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மூன்று காரணிகளைப் பார்த்ததும் மூன்று தனித்தனிக் காரணங்கள் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. காட்சி விலை ஏறியதற்கு 11.11 போட்டி, வாங்கும் விகிதம் சரிந்ததற்கு விலைப்பட்டியலோ பதில் சொல்லத் தாமதமானதோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை தயாராகிவிடும். நம் உதாரணத்தில் நடந்ததே வேறு. தீபாவளிக்குக் கோலாலம்பூரில் வாங்குவோர் அதிகம் என்று எண்ணி, இடையில் அந்தப் பெண் பட்ஜெட்டை மாற்றிவிட்டார். அக்டோபரில் செபராங் பிறை வட்டாரத்துக்கு 600 ரிங்கிட், கோலாலம்பூருக்கு 400. நவம்பரில் அது 250, 750.

வாட்ஸ்அப்பைத் திறந்தாலே இரண்டு ஊரின் வேறுபாடு தெரியும். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வருகிற செய்தி, "அக்கா, ரெண்டு டின் எடுத்து வைங்க, வேலை முடிஞ்சு வந்து வாங்கிக்கிறேன்" என்று இருக்கும். கோலாலம்பூரிலிருந்து, "போஸ்ட்ல அனுப்பினா உடையாம வருமா? போஸ்டேஜ் எவ்வளவு?" என்று கேட்டு, தொகையைச் சொன்னதும் அமைதியாகிவிடும்.

ஊர்வாரியாகப் பிரித்தால் செபராங் பிறையில் அக்டோபரில் 1,000 கிளிக்குக்கு 50 ஆர்டர், நவம்பரில் 333 கிளிக்குக்கு 17. இரண்டும் ஏறக்குறைய 5%. கோலாலம்பூரில் 500 கிளிக்குக்கு 10, பிறகு 667க்கு 13. இரண்டும் ஏறக்குறைய 2%. எந்த ஊரிலும் வாங்கும் விகிதம் குறையவே இல்லை! குறைவாக வாங்கும் ஊரின் எடை கூடியதால்தான் மொத்தச் சராசரி 4 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு இறங்கியது. விலைப்பட்டியலைத் திருத்தியிருந்தால் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்ததாகியிருக்கும்.

காட்சி விலையிலும் இதே கலப்படம் உண்டு. செபராங் பிறையில் அது 9லிருந்து 12 ரிங்கிட்டுக்கும், கோலாலம்பூரில் 12லிருந்து 18க்கும் ஏறியது. இது பண்டிகைக்கால ஏலத்தின் உண்மையான ஏற்றம். ஆனால் மொத்தத்தில் 10 என்பது 16 ஆனதில், விலை கூடிய ஊருக்குப் பணம் நகர்ந்ததும் கலந்திருக்கிறது. பட்ஜெட்டை மாற்றிய ஒரே முடிவு இரண்டு காரணிகளுக்குள்ளும் போய் ஒளிந்துகொண்டது.

ஆர்டர் செலவும் அதையே சொல்கிறது. செபராங் பிறையில் 12 ரிங்கிட்டாக இருந்தது 14.70 ஆனது. கோலாலம்பூரில் 40 ரிங்கிட்டாக இருந்தது ஏறத்தாழ 58க்குப் போனது. நவம்பர் விலையிலேயே பட்ஜெட்டை மட்டும் பழையபடி 600, 400 என்று வைத்திருந்தால் சுமார் 48 ஆர்டர் வந்திருக்கும், ஆர்டருக்கு 21 ரிங்கிட். அதாவது 16.67 ரிங்கிட் உயர்வில் சந்தையால் வந்தது 4 ரிங்கிட் சொச்சம், பட்ஜெட் இடம் மாறியதால் வந்தது 12 ரிங்கிட்டுக்கு மேல். மொத்த எண்களை மட்டும் மூன்றாகப் பிரித்தவர் இதைக் காணவே முடியாது. ஊர், புதியவர் பழையவர், விளம்பரம் வரும் இடம் என்று முதலில் கூறுபோட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஒவ்வொரு கூறுக்குள்ளும் மூன்றாகப் பிரிப்பதுதான் முறை.

அப்படிச் செய்த பின்னும் ஒரு வரம்பு மிஞ்சுகிறது. மெட்டாவின் ஏலத்தில் கேட்ட விலை மட்டும் வெல்வதில்லை. பார்ப்பவர் விளம்பரதாரர் விரும்பும் செயலைச் செய்யும் வாய்ப்பும் விளம்பரத்தின் தரமும் சேர்ந்தே எடைபோடப்படுகின்றன. வாங்கக்கூடியவர்களைத் தேடிப் பிடிக்கச் சொன்னால் காட்சி விலை ஏறும், வாங்கும் விகிதமும் கூடவே ஏறும். எனவே ஒன்றை அசைக்காமல் மற்றொன்றை மட்டும் திருகலாம் என்று சூத்திரம் தருகிற தோற்றம் நடைமுறையில் நிலைக்காது. மேலே சொன்ன 48 ஆர்டருக்கும் இது பொருந்தும். செபராங் பிறையில் 250க்குப் பதில் 600 ரிங்கிட்டை இறக்கினால் அதே முகங்களுக்கே விளம்பரம் மீண்டும் மீண்டும் போகும், காட்சி விலை 12 ரிங்கிட்டாகவே நிற்காது. எவ்வளவு ஏறும் என்பதை வகுத்தல் சொல்லாது. பட்ஜெட்டை 250லிருந்து 350க்கு ஏற்றி, நாலைந்து நாள் ஆர்டர் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.