தில்லிக் கோடையும் பத்துக் கட்டப் பட்டையும்: சிறுநீர் டிப்ஸ்டிக், ஒரு மதிப்பீடு

சாந்தினி சவுக்கை ஒட்டிய பகீரத் பேலஸ் மருத்துவக் கருவிச் சந்தையில் குப்பி குப்பியாக விற்கப்படும் சிறுநீர் டிப்ஸ்டிக் என்பது, விரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் பட்டையின் மேல் வேதிப்பொருள் ஊறிய சிறு சிறு கட்டங்களை வரிசையாக ஒட்டிய எளிய சாதனம். தில்லியின் தெருமுனை ஆய்வகம் முதல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு வரை பயன்படுவது பெரும்பாலும் பத்துக் கட்டங்கள் கொண்ட வகையே. இதன் முன்னோடி, அமெரிக்காவின் எல்கார்ட் நகரிலிருந்த மைல்ஸ் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் ஃப்ரீ, ஹெலன் ஃப்ரீ தம்பதியர் உருவாக்கி 1956இல் வெளிவந்த, குளுக்கோசை மட்டும் காட்டிய கிளினிஸ்டிக்ஸ் பட்டையாகும். அதற்கு முந்தைய பழைய முறையில் சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துக் கொதிக்கவைத்து நிறம் பார்க்க வேண்டியிருந்தது.

பயன்படுத்தும் முறை எளிதுதான், ஆயினும் தவறுகள் பெரும்பாலும் இங்கேயே நிகழ்கின்றன. முதலில் சிறிது விட்டுவிட்டு நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்து, இரண்டு மணி நேரத்திற்குள், குலுக்கிவிட்டுப் பட்டையை முழுதும் முக்கி உடனே எடுத்து, அதன் ஓரத்தைக் கோப்பையின் விளிம்பில் இழுத்து மிகுநீரை வடித்து, கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். செங்குத்தாகப் பிடித்தால் ஒரு கட்டத்தின் வேதிப்பொருள் வழிந்து அடுத்த கட்டத்தின் நிறத்தைக் கெடுத்துவிடும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் குளுக்கோசை 30ஆவது நொடியிலும், கீட்டோனை 40ஆவது நொடியிலும், புரதத்தையும் இரத்தத்தையும் 60ஆவது நொடியிலும் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடம் கடந்தபின் ஏற்படும் நிறமாற்றத்திற்குப் பொருளில்லை என்பதால், பட்டையை மேசைமேல் போட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கவனித்துத் திரும்பி வந்து படிக்கும் வழக்கம் முடிவையே மாற்றிவிடக்கூடும். ஒரு நிறுவனத்தின் பட்டையை இன்னொரு நிறுவனத்தின் குப்பியிலுள்ள நிற அட்டையோடு ஒப்பிடுவதும் இதே வகைப் பிழைதான்.

இச்சாதனத்தின் திறனையும் குறையையும் ஒருசேரக் காண்பதற்குத் தில்லியின் சூன் மாதம் ஏற்ற காலம். 2024 மே 29 அன்று முங்கேஷ்பூர் நிலையத்தில் 52.9 டிகிரி பதிவானபோது, அந்த உணரி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியதாக வானிலைத் துறை பின்னர் விளக்கியது. எனினும் அந்தக் கோடையின் கொடுமை பொய்யன்று. ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் வெப்பத்தாக்கு நோயாளிகளைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்திக் குளிர்விக்கும் தனிப்பிரிவே இயங்கியது. அத்தகைய ஒரு நாளில் வரக்கூடிய அறிக்கையொன்றை எடுத்துக்காட்டாக அமைத்துப் பார்க்கலாம். கட்டுமானத் தளத்தில் மேற்பார்வை செய்பவர், ஐம்பது வயதைக் கடந்தவர், சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின் உட்கொள்பவர்; முந்தைய நாளிலிருந்து சரியாக உண்ணாமல், வெயிலில் மயங்கிச் சாய்ந்து, உடல்வலியோடும் குமட்டலோடும் வந்திருக்கிறார். குளுக்கோமீட்டரில் இரத்தச் சர்க்கரை 170. சிறுநீர் அறிக்கை: ஒப்படர்த்தி 1.030, புரதம் 2+, குளுக்கோஸ் 4+, கீட்டோன் 2+, இரத்தம் 3+. நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் 0 முதல் 2 வரை.

இவ்வறிக்கையில் முதலில் படிக்க வேண்டிய வரி, எவரும் கண்டுகொள்ளாத ஒப்படர்த்தி. சிறுநீர் தண்ணீரைவிட எவ்வளவு செறிவானது என்பதைச் சொல்லும் இந்த எண், இங்கே பட்டையின் மேல் எல்லையைத் தொட்டிருக்கிறது. அதாவது உடலில் நீர் வற்றியிருக்கிறது, ஆகவே சிறுநீரில் உள்ள எல்லாமே அடர்ந்து தெரியும். டிப்ஸ்டிக் அளப்பது ஒரு நாளில் வெளியேறும் மொத்த அளவையன்று, அந்தக் கோப்பையில் உள்ள செறிவை மட்டுமே.

இந்த வேறுபாடு மிக ஆழமாகப் பாதிப்பது புரதத்தின் கட்டத்தையே. 1+ என்பது ஏறத்தாழ டெசிலிட்டருக்கு 30 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 300 மில்லிகிராம். நாள் முழுதும் அரை லிட்டர் மட்டுமே சிறுநீர் கழிக்கும் ஒருவருக்கு இது 150 மில்லிகிராம் ஆகிறது, இது இயல்பின் மேல் எல்லை. இரண்டரை லிட்டர் கழிப்பவருக்கோ அதே 1+ என்பது 750 மில்லிகிராம், இது ஆராயப்பட வேண்டிய இழப்பு. ஒரே நிறம், ஐந்து மடங்கு வேறுபட்ட உண்மை. இதற்கு மேல், இக்கட்டம் செயல்படும் விதமே அதன் எல்லையை வகுக்கிறது. அதிலுள்ள சாயம் அமிலத்தன்மையில் நிலைநிறுத்தப்பட்டிருந்தும், புரதம் வந்து ஒட்டும்போது மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறுகிறது. இவ்வாறு நன்றாக ஒட்டுவது இரத்தத்தின் முதன்மைப் புரதமான அல்புமின் மட்டுமே. எலும்பு மச்சைப் புற்றுநோயான மயலோமாவில் வெளியேறும் இலேசான புரதச் சங்கிலிகளை இது பெரும்பாலும் காண்பதில்லை. சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது கசியும் சிறிதளவு அல்புமினும், பட்டை உணரத் தொடங்கும் அளவான லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழேயே பலருக்கும் இருப்பதால், ‘புரதம் இல்லை’ என்ற வரியைப் பார்த்துச் சர்க்கரை நோயாளி நிம்மதி கொள்வதற்கில்லை. அவருக்கு வேண்டியது அல்புமினையும் கிரியாட்டினினையும் ஒப்பிடும் ஏசிஆர் பரிசோதனை. கிரியாட்டினின் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் வெளியேறுவதால், நீர் கூடிக் குறைவதால் வரும் மயக்கத்தை இந்த விகிதம் நீக்கிவிடுகிறது. மேற்பார்வையாளரின் 2+ஐப் பொறுத்தவரை, நீர் வற்றல், உடல் வெப்பம், தசைச்சிதைவு ஆகிய எதுவும் அதைத் தற்காலிகமாக எழுப்பக்கூடும் என்பதால், அன்றே சிறுநீரக நோய் என்று எழுதுவது அவசரம். உடல் தேறியபின் காலைச் சிறுநீரில் ஏசிஆர் பார்த்து, உயர்வு மூன்று மாதங்களுக்கு நீடித்தால்தான் நாள்பட்ட நோய் எனக் கொள்ளப்படும். கருவுற்ற பெண்ணுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது: இருபதாம் வாரத்திற்குப்பின் உயர் இரத்த அழுத்தத்தோடு 1+ வந்தாலே உடனடி மருத்துவக் கவனிப்பு வேண்டும்.

குளுக்கோசின் கதை சுருக்கமானது. இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டும்போதுதான் சிறுநீரகம் அதை மீட்க முடியாமல் வழியவிடும் என்பதே பழைய பாடம். அப்படியானால் 170 உள்ளவருக்கு 4+ எப்படி வந்தது? டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகளின் வேலையே குளுக்கோசைச் சிறுநீரில் வெளியேற்றுவது. 2020இல் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து பல நிறுவனங்களின் மலிவான மாத்திரைகள் வந்தபின் இம்மருந்து பரவலாகியிருப்பதால், மருந்துச் சீட்டைப் பார்க்காமல் இந்தக் கட்டத்தைப் படிப்பதில் இன்று பொருளே இல்லை. மாறாக, மிகுதியாக வைட்டமின் சி உட்கொண்டவருக்கு இக்கட்டமும் இரத்தக் கட்டமும் உள்ளதை இல்லையெனக் காட்டக்கூடும்.

அறிக்கையில் உண்மையான அபாயம் பதுங்கியிருப்பது கீட்டோன் வரியில். உடல் மாவுச்சத்துக்கு மாற்றாகக் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலத்தன்மையுள்ள பொருள்களே கீட்டோன்கள். நவராத்திரி விரதத்திலோ கர்வா சௌத் நோன்பிலோ நலமான ஒருவருக்கும் 1+ வரலாம், அது கவலைக்குரியதன்று. சர்க்கரை நோயாளிக்கு நிலை வேறு. டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்து உட்கொள்பவர் உண்ணாமல், நீர் வற்றிய நிலையில் இருக்கும்போது, இரத்தச் சர்க்கரை அதிகம் உயராமலேயே கீட்டோன் அமிலங்கள் இரத்தத்தில் பெருகும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். குளுக்கோமீட்டரின் 170 என்ற அடக்கமான எண்ணைக் கண்டு நோயாளியும் சில வேளை மருத்துவரும் ஏமாறுவது இங்கேதான். பட்டையும் இதில் முழுத் துணையன்று, ஏனெனில் அதிலுள்ள நைட்ரோபுருசைடு உணர்வது அசிட்டோஅசிடேட் என்னும் ஒரு கீட்டோனையே; நோய் முற்றும்போது மிகுவதோ பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட், அதைப் பட்டை காண்பதே இல்லை. சிகிச்சையில் இரண்டாவது முதலாவதாக மாறுவதால், நோயாளி தேறிவரும் வேளையில் பட்டை முன்னிலும் கருஞ்சிவப்பாகி, நோய் கூடியதுபோல் காட்டுவதும் உண்டு. ஆகவே இந்த 2+ ஒரு தீர்ப்பன்று, உடனே இரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டையும் பைகார்பனேட்டையும் அளக்கச் சொல்லும் கட்டளை. முன்னது லிட்டருக்கு 3 மில்லிமோலை எட்டி, பின்னது 18க்குக் கீழே இறங்கியிருந்தால், சர்க்கரை எவ்வளவாக இருந்தாலும் அது அவசர நிலை.

எஞ்சியது இரத்தம் 3+. கட்டம் தேடுவது சிவப்பணுவையன்று, அதற்குள் இருக்கும் ஹீம் என்னும் இரும்புக் கூறின் வேதிவினையை. முழுமையான அணுக்கள் இருந்தால் மஞ்சள் கட்டத்தில் பச்சைப் புள்ளிகள் தோன்றும், கரைந்த நிலையில் ஹீம் இருந்தால் கட்டம் முழுதும் சீராகப் பச்சையாகும். 3+ காட்டியும் நுண்ணோக்கியில் அணுக்களே இல்லையென்றால் மூன்று வழிகள் உண்டு: நீர்த்த சிறுநீரில் அணுக்கள் உடைந்திருக்கலாம், இரத்தக்குழாய்க்குள் அணுக்கள் சிதைந்து ஹீமோகுளோபின் கசிந்திருக்கலாம், அல்லது தசை சிதைந்து மயோகுளோபின் வந்திருக்கலாம். ஒப்படர்த்தி 1.030 ஆக உள்ள புதிய சிறுநீரில் முதலாவது நிகழ வாய்ப்பில்லை. இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும்போது மேலே நிற்கும் நீர்மம் இளஞ்சிவப்பாக இருந்தால் ஹீமோகுளோபின், தெளிவாக இருந்தால் மயோகுளோபின் என்று பழைய ஆய்வக வழக்கம் பிரித்தறியும். உறுதி செய்வது கிரியாட்டின் கைனேஸ், அதாவது சிகே பரிசோதனை. வெயிலில் விழுந்து உடல்வலியோடு வந்தவருக்கு அந்த எண் இயல்பைவிட ஐந்து மடங்கைத் தாண்டியிருந்தால், அது தசைச்சிதைவு. சிறுநீரகத்தைக் காக்க நரம்புவழி நீர் உடனே தொடங்கப்பட வேண்டும். நுண்ணோக்கியின் வரியைப் பார்க்காமல் ‘சிறுநீரில் இரத்தம்’ என்று ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தால், அந்த நேரம் வீணாகியிருக்கும். அணுக்கள் உண்மையில் இருக்கும் அறிக்கைகளில் பாதை வேறு: மாதவிடாய்க் கலப்பு, கல், தொற்று ஆகியவற்றை விலக்கிய பின்னும் ஒரு பார்வைப் புலத்தில் மூன்றோ மேலோ நீடித்தால், குறிப்பாகப் புகைப்பவரிடம், சிறுநீர்ப்பையில் கட்டி உண்டா என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் வைத்துப் பயன்படுத்த விரும்புவோருக்குப் பத்துக் கட்ட வகை மிகை. கீட்டோனும் குளுக்கோசும் மட்டும் காட்டும் பட்டையே போதும். எதை வாங்கினாலும் தில்லியின் மழைக்காலம் அதற்குப் பகை. குப்பி மூடியிலுள்ள ஈரமுறிஞ்சியை எடுத்துவிட்டாலோ, மூடியைத் திறந்தே வைத்தாலோ, கீட்டோன் கட்டம் உணர்ச்சி இழந்து இருப்பதை இல்லையென்றும், நைட்ரைட் கட்டம் இல்லாத தொற்றை உண்டென்றும் சொல்லத் தொடங்கும். குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் ஈரத்தையே சேர்க்கும். குப்பி திறந்த நாளை அதன்மேல் எழுதிவைத்து, தயாரிப்பாளர் குறித்த காலம் கடந்ததும், அல்லது நனையாத பட்டையின் நிறம் அட்டையின் ‘இல்லை’ நிறத்தோடு பொருந்தாமல் போனதும், மீதியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.