எந்தக் குவளைக்குப் பதிலாக?

தெப்ராவ் பக்கம் காலையில் எலுமிச்சை, தேன் கலந்த வெந்நீர் குடிப்பவர்கள் "உடம்பு இறங்குது" என்று சொன்னால் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் காரணம் பெரும்பாலும் அந்த நீரில் இல்லை. அதைக் குடித்ததால் குடிக்காமல் விட்ட தே தாரிக்கில் இருக்கிறது.

ஒரு குவளை தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால் என்று வைத்தால் சுமார் 130 கலோரி. எலுமிச்சைச் சாற்றில் கலோரி மிகக் குறைவு. தேன் அப்படியல்ல, ஒரு மேசைக்கரண்டியிலேயே 64. தே தாரிக்கை விட்டுவிட்டுத் தேனில்லாத எலுமிச்சை நீர் குடித்தால், ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற தோராயக் கணக்கில், 12 வாரத்தில் 1.4 கிலோ குறையலாம். தேன் சேர்த்தால் அதில் பாதிதான். எலுமிச்சைத் தேன் நீரையும் குடித்து, பசியாறும்போது வழக்கமான தே தாரிக்கையும் குடித்தால் எடை ஏறவே செய்யும். வெந்நீர் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை.

வினிகரின் கதை சற்று வேறு. 2009இல் ஜப்பானில் வெளியான ஆய்வில், உடல் பருத்தவர்கள் 12 வாரம் தினமும் 15 அல்லது 30 மில்லி ஆப்பிள் வினிகர் கலந்த பானம் குடித்தார்கள். எடை ஒன்று முதல் இரண்டு கிலோ குறைந்தது. நிறுத்தியதும் திரும்ப ஏறத் தொடங்கியது. அவர்கள் குடித்தது வெறும் வயிற்றில் அல்ல, சாப்பாட்டுக்குப் பின். ஆய்வில் வினிகர் தயாரிக்கும் நிறுவனத்தின் பங்கும் இருந்தது. 2024இல் லெபனானிலிருந்து வந்த ஆய்வு ஆறேழு கிலோ குறைந்ததாகச் சொல்லி உலகெங்கும் செய்தியானது. தரவுகளும் புள்ளியியல் கணக்கும் நம்பத்தகுந்தவை அல்ல என்று 2025இல் இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தச் செய்தி அவ்வளவு பரவவில்லை.

வினிகர் பசியை அடக்கும் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் 2014இல் வந்த ஒரு ஆய்வு, அந்தப் பசியின்மைக்குக் குமட்டலே பெரும் காரணம் என்று காட்டியது. குமட்டி உண்ணாமலிருப்பதை மருந்தென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுபக்கம், மாவுச்சத்து உணவுடன் குடித்தால் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் ஓரளவு தணிகிறது. 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்பதால் இது சின்ன விஷயமல்ல. ஆனால் வினிகர் இரைப்பை காலியாவதைத் தாமதிக்கக்கூடும். இன்சுலின் போடுபவருக்கு ஊசியும் உணவும் நேரம் ஒத்துப்போகாமல் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மற்றவர்கள் குடிப்பதானால் ஒரு மேசைக்கரண்டியைப் பெரிய குவளைத் தண்ணீரில் கலந்து, சாப்பாட்டோடு குடிக்கலாம். எலுமிச்சையோ வினிகரோ, குடித்தவுடன் பல் துலக்கக் கூடாது. அமிலத்தில் இளகிய எனாமலைப் பிரஷ் தேய்த்து எடுத்துவிடும். வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து அரை மணி நேரம் பொறுத்தால் போதும்.